ஒரே நிறம், இரண்டு புளிப்பு

இரண்டு சோதனைக் குழாய்களில் பத்துப் பத்து மில்லிலிட்டர் திரவம் இருக்கிறது. இரண்டும் தண்ணீர்போல் தெளிந்தவை. ஒன்றில் இருப்பது கடையில் வாங்கிய 5 சதவீத வெள்ளை வினிகர். மற்றொன்றில் இருப்பது நிறையத் தண்ணீர் சேர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டிலும் பி.எச். தாளை நனைத்தால் தாள் ஒரே மாதிரி சிவக்கிறது. கருவியை வைத்துப் பார்த்தாலும் இரண்டும் 2.4 என்றுதான் காட்டுகின்றன. வரிசைப்படுத்தச் சொன்னால் இரண்டையும் ஒரே படியில்தான் வைக்க வேண்டும்.

இப்போது இரண்டிலும் ஆப்பச் சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்த குழாயில் சுமார் மூன்று மில்லிகிராம் சோடா போதும், அமிலம் முழுவதும் தீர்ந்துவிடும். மூன்று மில்லிகிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் சில துகள்கள். குமிழிகூட எழாது, ஏனென்றால் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு அந்தப் பத்து மில்லிலிட்டர் நீரிலேயே கரைந்துவிடுகிறது. வினிகர் இருந்த குழாயோ பொங்கி வழியும். அது அடங்க ஏறத்தாழ 700 மில்லிகிராம் சோடா வேண்டும். அதிலிருந்து வெளியேறும் வாயுவைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு டம்ளரை நிரப்பும். தாள் ஒரே நிறத்தைக் காட்டிய இரண்டு திரவங்களில் ஒன்று மற்றதைவிட இருநூறு மடங்குக்கு மேல் சோடாவை விழுங்கியிருக்கிறது.

பள்ளி அறிவியலில் ஒவ்வோர் ஆண்டும் வரும் கேள்வி ஒன்று உண்டு. எலுமிச்சைச் சாறு, பால், சோப்புக் கரைசல், சுண்ணாம்பு நீர் என்று ஏழெட்டுப் பொருள்களைக் கொடுத்து, வலிமை மிகுந்த அமிலத்திலிருந்து வலிமை மிகுந்த காரம் வரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். மாணவர்கள் பி.எச். எண்களை மனப்பாடம் செய்து, சிறியதிலிருந்து பெரியதாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன இரண்டு குழாய்களும் புதிராகவே நிற்கும்.

பி.எச். எண்ணுவது ஒன்றே ஒன்றைத்தான்: கரைசலில் இந்தக் கணத்தில் பிரிந்து திரியும் ஹைட்ரஜன் அயனிகளை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் விழுந்ததும் அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே தம் ஹைட்ரஜனை விட்டுவிடுகின்றன. அதனால்தான் அதை வலிமை மிகு அமிலம் என்கிறோம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அப்படியல்ல. 5 சதவீத வினிகர் ஒரு லிட்டரில் சுமார் 0.83 மோல் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதில் பிரிந்து நிற்பது 0.0039 மோல் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 215 மூலக்கூறுகளில் ஒன்றுதான் எந்தக் கணத்திலும் ஹைட்ரஜனைக் கைவிட்டிருக்கிறது. மற்ற 214-உம் ஹைட்ரஜனை இறுகப் பிடித்திருக்கின்றன, தாளின் கண்ணுக்கு அவை படுவதில்லை. சோடா வந்து பிரிந்த அயனியைத் தின்றவுடன், பிடித்திருந்தவற்றில் ஒன்று தன் ஹைட்ரஜனை விடுகிறது. அதுவும் தீர்ந்தால் இன்னொன்று. இப்படி 215-உம் முறை வைத்து வந்து தீர்ந்த பிறகுதான் வினிகர் ஓய்கிறது. சோடாவின் கணக்கில் இருநூறு மடங்கு வித்தியாசம் வந்தது இதனால்தான்.

இந்த வேறுபாடுதான் பி.எச். என்ற அளவையே பிறப்பித்தது. கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு நிறுவனம் நடத்திவந்த ஆய்வகத்தில் வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் சோரென்சென். நொதிகள் எந்தச் சூழலில் நன்றாக வேலை செய்கின்றன என்று அவர் ஆராய்ந்தார். அதுவரை ஒரு திரவத்தின் புளிப்பை அளக்க, அதை அடக்க எவ்வளவு காரம் செலவாகிறது என்று பார்ப்பதே வழக்கம். நாம் சோடாவை வைத்துச் செய்த அதே முறை. அந்தக் கணக்கு மொத்த அமிலத்தைச் சொல்லும், ஆனால் நொதியின் போக்கை அதைக் கொண்டு விளக்க முடியவில்லை. நொதிக்கு மூலக்கூறுக்குள் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜனால் ஒரு பாதிப்பும் இல்லை. தன்னைச் சுற்றி விடுபட்டுத் திரியும் அயனிகளைத்தான் அது உணர்கிறது. எனவே அந்த அயனிகளை மட்டும் சொல்லும் ஓர் அளவை சோரென்சென் 1909-இல் முன்வைத்தார். வினிகரையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஒரே படியில் நிறுத்துவது அந்த அளவையின் குறை அல்ல. அதற்காகவே அது உருவாக்கப்பட்டது.

அயனிகளின் எண்ணிக்கை மிகச் சிறிய பின்னங்களில் வரும். வினிகரில் லிட்டருக்கு 0.0039 மோல் என்றால் தூய நீரில் 0.0000001 மோல். இத்தனை சுழியங்களை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் சோரென்சென் பத்தின் அடுக்கை மட்டும் எடுத்து, அதன் கழித்தல் குறியை நீக்கினார். 0.001 என்பது 10⁻³, எனவே அதன் பி.எச். 3. தூய நீரின் 10⁻⁷ ஆனது 7. அயனி கூடினால் எண் குறைவதும், அயனி குறைந்தால் எண் கூடுவதும் இந்தக் கழித்தல் குறியின் விளைவு. வரிசையை மாணவர்கள் தலைகீழாக எழுதிவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது. 2-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளியை இரண்டு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது நூறு மடங்கு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் இரண்டு படி இறங்கினால் பத்தைப் பத்தால் பெருக்க வேண்டும். பி.எச். 2 உள்ள வலிமை மிகு அமிலத்தையும் பி.எச். 4 உள்ள அதே அமிலத்தையும் சம அளவில் கலந்தால் 3 வராது, 2.3 வரும். முதலாவதில் இருந்த அயனிகள் இரண்டாவதைவிட நூறு மடங்கு என்பதால் இரண்டாவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகவே வந்து சேர்கிறது. கலவையில் முதலாவதின் செறிவு பாதியாகிறது, பாதியாவது என்பது பி.எச். கணக்கில் 0.3. அதாவது பி.எச். எண்கள் 0.3 வேறுபட்டாலே அயனிகள் இரு மடங்கு. தசமத்துக்குப் பிறகு வரும் எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

0-இலிருந்து 14 வரை போனால் அயனிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் மடங்கு மாறுகிறது. நடுவில் நிற்கும் தூய நீரில் 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி என்ற விகிதம். அதே எண்ணிக்கையில் ஹைட்ராக்சைடு அயனிகளும் அங்கே இருக்கும், ஏனென்றால் ஒரு நீர் மூலக்கூறு உடையும்போது இரண்டும் ஜோடியாகவே பிறக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும் நிலைதான் நடுநிலை. ஹைட்ராக்சைடு அதிகமானால் கரைசல் காரமாகிறது, ஹைட்ரஜன் அயனி அதற்கேற்பக் குறைகிறது. ஆனால் எவ்வளவு கடுமையான காரத்திலும் ஹைட்ரஜன் அயனி முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அதனால்தான் காரத்தையும் இதே அளவையால் அளக்க முடிகிறது.

இனி வரிசைக்கு வருவோம். கீழ்ப்படியில் நிற்பது வாகன பேட்டரியில் உள்ள கந்தக அமிலம். பாடநூல் அட்டவணைகள் அதற்கு 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தருகின்றன. முழுதாக மின்னேற்றிய பேட்டரியில் லிட்டருக்கு நான்கு மோலுக்கு மேல் அமிலம் இருப்பதால் கணக்குப்படி அது சுழியத்துக்கும் கீழே போக வேண்டும். பி.எச். சுழியத்தோடு நிற்பதில்லை. கலிபோர்னியாவின் ஐயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் கந்தகக் கனிமங்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உண்டான நீரில் கழித்தல் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். அடுத்தது நம் இரைப்பை நீர், அது உணவுக்கு முன்னும் பின்னும் மாறி 1.5-க்கும் 3.5-க்கும் இடையே இருக்கும். எலுமிச்சைச் சாறு 2.2-ஐ ஒட்டி வருகிறது, வினிகர் 2.4. கோலா பானமும் 2.5-ஐ ஒட்டியே நிற்கிறது. அதன் புளிப்பை நாக்கு உணராததற்குச் சர்க்கரையே காரணம். நாக்கை நம்பி வரிசை போட்டால் கோலாவைத் தயிருக்கு அப்பால் தள்ளிவிடுவோம். புளிக்கரைசல் 3-ஐ ஒட்டி, தக்காளி 4.3 அளவில், தயிர் 4.5, கறுப்புக் காபி 5.

தயிரிடம் சற்று நிற்க வேண்டும். அது பாலிலிருந்து வந்தது, பாலின் பி.எச். 6.6. உறை ஊற்றிய பின் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிட, எண் மெல்ல இறங்குகிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தோடு மிதப்பவை. பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது அந்த மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு வலைபோல் இறுகுகின்றன. நாம் தயிர் உறைந்தது என்கிறோம். எண்ணளவில் இரண்டு படிதான், அயனிகளின் கணக்கில் நூறு மடங்குக்கு மேல். குளிர்காலத்தில் தயிர் உறையத் தாமதமாவது பாக்டீரியாக்கள் 4.6-ஐ எட்ட அதிக நேரம் எடுப்பதால்தான்.

பாலுக்கு மேலே தூய நீர், 7. இது புத்தகத்தில் மட்டும் அவ்வளவு எளிது. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரை எடுத்துத் தாளை நனைத்தால் பெரும்பாலும் 5.5 அல்லது 6 காட்டும், மாணவர்கள் தாள் கெட்டுவிட்டது என்று வேறொன்றைக் கிழிப்பார்கள். தாள் சரியாகத்தான் சொல்கிறது. திறந்து வைத்த நீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. அது கார்பானிக் அமிலமாகி எண்ணை 5.6 வரை இழுக்கிறது. மாசு எதுவும் கலக்காத மழைநீரின் பி.எச். சுமார் 5.6 ஆக இருப்பதும் இதே காரணத்தால். மாறாக, ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள் பல இடங்களில் அதை 7-க்கு மேல் கொண்டுபோகின்றன. வடித்த நீர் 7 காட்ட வேண்டுமானால் அதைச் சில நிமிடம் கொதிக்கவைத்து, வாயில் மூடியிட்டு ஆறவிட்டு, உடனே சோதிக்க வேண்டும். அப்போதும் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகுதான். கொதிநிலையில் தூய நீரின் பி.எச். சுமார் 6.1-க்கு இறங்கிவிடும், ஆனால் ஹைட்ராக்சைடும் அதே அளவு பெருகியிருப்பதால் அந்த நீர் அப்போதும் நடுநிலைதான். 7 என்பது 25 டிகிரி செல்சியஸுக்கு உரிய எண்.

காரத்தின் பக்கம் திரும்பினால் முதலில் நம் இரத்தம், 7.35-க்கும் 7.45-க்கும் இடையில். அதன் பிறகு கடல்நீர் 8.1, ஆப்பச் சோடாக் கரைசல் 8.3. இந்த 8.3 வியப்பூட்டும் எண். ஒரு டம்ளர் நீரில் ஒரு கரண்டி சோடா போட்டாலும் இரண்டு கரண்டி போட்டாலும் அது ஏறக்குறைய மாறாது. சோடாவின் பைகார்பனேட் அயனி ஹைட்ரஜனை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். இரண்டு போக்கும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடம் 8.3. அதைக் கூட்ட வேறு வழி இருக்கிறது. சோடாத் தூளை ஒரு வாணலியில் போட்டு, மிதமான தீயில் நன்றாகக் கிளறி வறுத்தால் நீராவியும் கார்பன் டைஆக்சைடும் வெளியேறிச் சலவைச் சோடா மிஞ்சும். முழுதாக மாறியிருந்தால் 100 கிராமுக்கு 63 கிராம்தான் திரும்பக் கிடைக்கும். நிறுத்துப் பார்த்தே எவ்வளவு மாறியது என்று சொல்லிவிடலாம். அதைக் கரைத்தால் பி.எச். 11-க்கு மேல் நிற்கும். ஒரே வெள்ளைத் தூள், வறுக்கும் முன்னும் பின்னும் மூன்று படி வித்தியாசம்.

இந்த மாற்றத்தைக் காண மஞ்சள் தாளே போதும். மஞ்சள் தூளைச் சிறிது எரிசாராயத்தில் கலக்கி, வடிதாளில் தடவி உலரவிட்டால் தாள் தயார். மஞ்சளில் உள்ள குர்குமின் பி.எச். 8-க்கு மேல் போகும்போது செம்பழுப்பாக மாறுகிறது. ஆரத்தி நீர் சிவப்பதும், மஞ்சள் கறை பட்ட துணி சோப்பு போட்டதும் சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளாவதும் இதனால்தான். ஆப்பச் சோடாவில் மஞ்சள் தாள் இலேசாக நிறம் கலங்கும், வறுத்த சோடாவில் ஆழமாகச் சிவக்கும். ஆனால் மஞ்சளுக்கு ஓர் எல்லை உண்டு. எலுமிச்சைக்கும் பாலுக்கும் தண்ணீருக்கும் அது ஒரே மஞ்சளாகத்தான் இருக்கும். வரிசையை அது இரண்டாகப் பிரிக்கும், அமிலத்தின் பக்கம் படிகளைப் பிரித்துக் காட்டாது.

அதற்குச் சங்குப்பூ உதவும். நீலச் சங்குப்பூ பத்தை வெந்நீரில் ஊறவைத்தால் ஆழ்ந்த நீலச் சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பு, தயிர்த் தெளிவு பட்டால் ஊதா, பாலுக்கும் தண்ணீருக்கும் நீலம், சோப்புக் கரைசலுக்குப் பச்சை, எரிசோடாவுக்கு மஞ்சள் என்று படிப்படியாகப் பிரியும். வரிசைப்படுத்தும் வேலைக்கு வீட்டில் கிடைப்பவற்றில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. சாறு ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால் அன்றன்று தயாரிக்க வேண்டும், ஒவ்வொரு குழாயிலும் சாற்றின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். புளிக்கரைசல் போன்ற நிறமுள்ள திரவங்களில் நிறம் சரியாகத் தெரியாது. அவற்றை வடிகட்டி, நீர் சேர்த்து வெளிறவைத்துப் பார்க்கலாம். வெளுப்பான்களில் இந்த முறை முற்றிலும் தோற்றுப்போகும். அவற்றின் பி.எச். 11-க்கு மேல்தான், ஆனால் நிறமியையே அழித்துவிடுவதால் சாறு நிறமற்றுப்போகும். பி.எச். தாளும் ஒரு கணம் நிறம் காட்டிவிட்டு வெளுத்துவிடும்.

இதேபோன்ற இடைஞ்சலில்தான் பி.எச். கருவியும் பிறந்தது. 1930-களில் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றைப் பாதுகாக்கக் கந்தக டைஆக்சைடு சேர்ப்பது வழக்கம். அது லிட்மஸை வெளுத்துவிடும் என்பதால் சாற்றின் புளிப்பை நிறத்தால் அளக்க முடியவில்லை. ஒரு பழைய வகுப்புத் தோழர் கேட்டதன் பேரில், கால்டெக் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஆர்னால்டு பெக்மன் 1934-இல் கண்ணாடி மின்வாயையும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியையும் இணைத்துக் கருவி ஒன்றைக் கட்டினார். கண்ணாடிக் குமிழின் உள்ளும் புறமும் அயனிகளின் செறிவு வேறுபடுவதால் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அந்தக் கருவி படித்தது. இன்று பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் பேனா வடிவக் கருவியும் அடிப்படையில் அதே. அதை நம்ப வேண்டுமானால் 4, 7 ஆகிய தெரிந்த பி.எச். உள்ள கரைசல்களில் வைத்து முதலில் சரிசெய்ய வேண்டும். நுனியை உலரவிட்டால் எண் அலையும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு குழாய்களைத் தாளைக் கொண்டே பிரிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 4 மில்லிலிட்டரை எடுத்து, 100 மில்லிலிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்தால் பி.எச். 2.4 கரைசல் கிடைக்கும். ஆய்வக அமிலத்தைக் கையாள்வது ஆசிரியர் வேலையாக இருக்கட்டும். இதிலிருந்தும் வினிகரிலிருந்தும் ஒவ்வொரு மில்லிலிட்டர் எடுத்து, கொதித்து ஆறிய வடித்த நீர் சேர்த்து, தனித்தனியே 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அயனிகள் நூறில் ஒன்றாகக் குறைந்து எண் 4.4-க்கு ஏறும். வினிகரோ 3.4-இல் நின்றுவிடும். நீர் கூடக் கூட, பிடித்திருந்த மூலக்கூறுகள் மேலும் பிரிந்து இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்கின்றன. பத்து மடங்கு நீர்க்கும்போது வலிமை மிகு அமிலம் ஒரு படி ஏறும், வலிமை குறைந்த அமிலம் அரைப் படிதான் ஏறும். ஒரு படி வித்தியாசத்தைச் சாதாரண பி.எச். தாளே காட்டிவிடும். முன்பு ஒரே நிறமாக இருந்தவை இப்போது பிரிந்து நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த நீர்த்த நிலையில் வலிமை குறைந்த அமிலமான வினிகர்தான் வரிசையில் முன்னால் நிற்கிறது.

எனவே பி.எச். வரிசையில் நிற்பவை பொருள்கள் அல்ல, குறிப்பிட்ட செறிவுள்ள கரைசல்கள். கேள்வித்தாளில் செறிவைச் சொல்லாமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் வரிசைப்படுத்தச் சொன்னால் அது பாதிக் கேள்வி என்றே சொல்வேன். எலுமிச்சை, பால், வினிகர் என்று கேட்கும்போது சிக்கல் எழாததற்குக் காரணம், அவை ஒவ்வொன்றும் வழக்கமாக ஏறக்குறைய மாறாத செறிவில் கிடைக்கின்றன என்பதுதான்.

காரப் பக்கத்திலும் இதே கதை வேறு வடிவில் வருகிறது. சோப்புக் கரைசல் 9-க்கும் 10-க்கும் இடையில், சலவைச் சோடா 11-க்கு மேல், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12.4. கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்த அளவு முழுவதும் பிரிந்துவிடும், அந்த வகையில் அது வலிமை மிகுந்த காரம். ஆனால் அது அதிகம் கரைவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஏற்றுக்கொள்வது ஒன்றரை கிராமைச் சற்றே தாண்டும், மீதி வெள்ளையாக அடியில் தங்கும். ஒரு பிடி சுண்ணாம்பு போட்டாலும் ஒரு மூட்டை போட்டாலும் தெளிந்த நீர் 12.4-ஐத் தாண்டாது. அமிலத்தில் வினிகரைக் கட்டுப்படுத்தியது பிரியாமை, இங்கே சுண்ணாம்பைக் கட்டுப்படுத்துவது கரையாமை. இரண்டிலும் ஒரு பெரிய கையிருப்பு பின்னால் நிற்கிறது. அடியில் தங்கிய சுண்ணாம்பு, மேலே உள்ளது செலவாகச் செலவாகக் கரைந்து வந்து இடத்தை நிரப்புகிறது.

பனையேறிகள் நெடுங்காலமாக இந்தக் கையிருப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்கும் சாறு பதநீராக இனிக்கும், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் சாற்றின் சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன, சுண்ணாம்பு ஏற்றும் காரத்தன்மையில் அவற்றால் பெருக முடிவதில்லை. இரவெல்லாம் சாறு சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். ஒரே தடவையில் கரைந்து தீரும் காரத்தை வைத்திருந்தால் முதலில் விழும் சொட்டுகள் தாங்க முடியாத காரமாகவும் விடியற்காலையில் விழுபவை பாதுகாப்பற்றும் போகும். மெல்லக் கரையும் சுண்ணாம்பு இரவு முழுவதும் ஈடுகொடுக்கிறது. அமிலத்தைக் கூட்டிக் காப்பது ஊறுகாயின் வழி, காரத்தைக் கூட்டிக் காப்பது பதநீரின் வழி. நுண்ணுயிர்கள் வரிசையின் நடுப்பகுதியை விரும்புவதால் இரு முனைகளிலும் காப்பு கிடைக்கிறது.

சுண்ணாம்பு நீரைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றின் கார்பன் டைஆக்சைடு பட்டு மேலே மெல்லிய ஆடை படியும், அது கால்சியம் கார்பனேட். எண் மெல்லக் குறையத் தொடங்கும். அடியில் வண்டல் இருக்கும்வரை ஈடாகும், வடித்தெடுத்த தெளிவு என்றால் ஆகாது. அன்று வடித்ததை அன்றே சோதிப்பதுதான் சரி.

கடைசிப் படி எரிசோடா. அது நீரில் தாராளமாகக் கரையும், கரைந்தது முழுவதும் பிரியும். பிரியாமையும் இல்லை, கரையாமையும் இல்லை, ஆகவே அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. லிட்டருக்கு 4 கிராம் போட்டால் பி.எச். 13, 40 கிராம் போட்டால் 14, அதற்கு மேலும் போட்டால் 14-ஐத் தாண்டும். அடைத்த சாக்கடைக் குழாய்களைத் திறக்க விற்கும் தூள்களில் பலவும் இதுதான். குழாயில் அடைத்த கொழுப்பை அது சோப்பாக மாற்றிக் கரைக்கிறது. கையில் பட்டால் வழுக்குவதும் அதே வினையால்தான், தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருக்கிறது. அமிலம் பட்டால் உடனே எரிவதால் கையை இழுத்துக்கொள்கிறோம். எரிசோடா பட்டால் பல சமயம் முதலில் வலி தெரியாது, அதற்குள் அது திசுக்களைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கிவிடும். அதைச் சமன்செய்ய எலுமிச்சையோ வினிகரோ ஊற்றக் கூடாது, அந்த வினையே வெப்பத்தை உண்டாக்கிப் புண்ணைக் கூட்டும். ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து அதேபோல் கழுவி, கழுவியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.